‘முடியாது’ என்று சொல்ல அங்கே இடம் இருந்ததா?

கணவனுக்குச் சிறுநீரகம் கொடுக்க முன்வரும் ஒரு பெண்ணின் கோப்பைத் திறந்தால், அதில் திருமணச் சான்றிதழ் இருக்கும். கல்யாணப் போட்டோ இருக்கும், குடும்பம் மொத்தமும் வரிசையாக நிற்கும் இன்னொரு போட்டோ இருக்கும். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், ஆதார், முகவரிச் சான்று, ரத்த வகை, திசுப் பொருத்தச் சோதனை, சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் ஸ்கேன், ரத்தக் குழாய்களைக் காட்டும் சிடி ஸ்கேன் எல்லாம் வரிசையாகக் கோத்திருக்கும். அவள் இதற்கு மனதார ஒப்புகிறாளா என்ற கேள்விக்கு அந்தக் கட்டில் இருக்கும் பதில் பெரும்பாலும் ஒரு படிவமும் அதன் அடியில் ஒரு கையெழுத்தும்தான்.

இப்படி அமைந்ததற்குக் காரணம் உண்டு. மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1994-இல் வந்தபோது நாட்டை உலுக்கிக்கொண்டிருந்தது கிட்னி வியாபாரம். சென்னை வில்லிவாக்கத்துக்குக் ‘கிட்னிவாக்கம்’ என்ற பட்டப்பெயர் விழுந்திருந்த காலம் அது. ஏழையிடம் பணம் கொடுத்து உறுப்பை வாங்குவதைத் தடுப்பதே சட்டத்தின் முதல் நோக்கமாக இருந்தது. அதனால் கணவன், மனைவி, அப்பா, அம்மா, மகன், மகள், உடன்பிறந்தவர்கள் என நெருங்கிய உறவினருக்குத் தனிப் பாதை வைத்தார்கள். 2011 திருத்தத்தில் தாத்தா பாட்டியும் பேரன் பேத்தியும் அந்தப் பட்டியலில் சேர்ந்தார்கள். இந்த வட்டத்துக்கு வெளியே இருப்பவர் அன்பின் பேரில் கொடுக்கிறேன் என்றால், அங்கீகாரக் குழு முன்னால் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். வட்டத்துக்குள் இருப்பவருக்கு உறவு நிரூபணமானாலே பாதித் தூரம் கடந்த மாதிரி.

பணம் கைமாறவில்லை என்பதற்கு உறவு நல்ல சாட்சிதான். வற்புறுத்தல் இல்லை என்பதற்கு அது சாட்சியாகாது. வற்புறுத்தல் பிறக்கும் இடமே உறவுதான். தரகனிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு ஊரை விட்டுப் போய்விடலாம். மாமியாரிடம் ‘வேண்டாம்’ என்று சொன்னவள் மறுநாள் காலையில் அதே அடுப்படியில் நிற்க வேண்டும்.

இதைச் சட்டமும் ஓரளவு உணர்ந்திருக்கிறது. 2014-ஆம் ஆண்டு விதிகளில், கொடுப்பவர் பெண்ணாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும், அவருடைய அடையாளத்தையும் சுதந்திரமான சம்மதத்தையும் உறுப்பைப் பெறுபவர் அல்லாத வேறொருவர் உறுதிப்படுத்த வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். இந்தியாவில் உயிரோடு இருந்து உறுப்பு கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், பெற்றுக்கொள்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள் என்பதால் இந்த விதிக்குத் தேவை இருக்கிறது. ஆனால் ‘பெறுபவர் அல்லாத வேறொருவர்’ என்பதில் மாமியாரும் அடங்குவார், மைத்துனரும் அடங்குவார். விதியின் எழுத்து நிறைவேறிவிடும், கேட்க வேண்டிய கேள்வி கேட்கப்படாமலே போய்விடும்.

அப்படியானால் எதைக் கேட்க வேண்டும்? கொடுப்பவருக்கு மனதில் எந்த அழுத்தமும் இல்லையா என்று பார்ப்பது வீண். பிள்ளை டயாலிசிஸ் நாற்காலியில் கிடக்கும்போது அழுத்தம் இல்லாத தாய் இருக்க முடியாது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து மனநல மருத்துவர் ஃபெல்னரும் மார்ஷலும் சிறுநீரகம் கொடுத்தவர்களிடம் பேசி, 1970-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெரும்பாலானவர்கள் மருத்துவர் எதையும் விளக்குவதற்கு முன்பே, விஷயம் காதில் விழுந்த அந்தக் கணத்திலேயே முடிவெடுத்திருந்தார்கள். சிலர் தொலைபேசியிலேயே சரி என்று சொல்லிவிட்டார்கள். ஆபத்துகளை எடை போட்டுப் பார்த்துத்தான் ஒருவர் சம்மதிக்கிறார் என்ற பாடப்புத்தகச் சித்திரத்தை அது அசைத்துவிட்டது. என்றாலும் அவசரமாக எடுத்த முடிவெல்லாம் அடிமைத்தனமான முடிவு என்று சொல்லிவிட முடியாது. ‘எனக்கு வேற வழியே இல்ல, அவன் என் புள்ள’ என்று சொல்லும் தாய் தன் வாழ்வின் மிகச் சுதந்திரமான முடிவை எடுத்துக்கொண்டிருக்கலாம்.

ஆகவே பார்க்க வேண்டியது ‘சரி’ எவ்வளவு உறுதியாக வந்தது என்பதை அல்ல. ‘முடியாது’ என்று அவர் சொல்லியிருக்க முடியுமா, சொன்ன பிறகும் அந்த வீட்டில் அவரால் வாழ்ந்திருக்க முடியுமா என்பதைத்தான்.

உலகின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றில் இந்தக் கதவைத் திறந்து வைத்தவர் நோயாளியே. 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில் ஜோசப் முர்ரே குழுவினர் ரொனால்ட் ஹெரிக்கின் சிறுநீரகத்தை எடுத்து அவருடைய இரட்டைச் சகோதரர் ரிச்சர்டுக்குப் பொருத்தினார்கள். ‘இங்கிருந்து கிளம்பி வீட்டுக்குப் போ’ என்ற பொருளில் முந்தைய இரவு ரிச்சர்டு தம் சகோதரருக்குத் துண்டுச் சீட்டு அனுப்பினார். இங்கேதான் இருக்கிறேன், இருக்கவும் போகிறேன் என்று ரொனால்ட் பதில் எழுதினார். போகலாம் என்று நோயாளியே சொன்ன பிறகும் தங்கியவரின் சம்மதத்தைச் சந்தேகிப்பது கடினம்.

நம்மூர்க் குடும்பங்களில் இது எப்படி நடக்கிறது என்று பார்க்க ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஆட்கள் கற்பனை என்றாலும் இந்தச் சூழல் மாற்று மருத்துவமனைகளில் வேலை செய்பவர்களுக்குப் பழக்கமானதுதான். கரூர்ப் பக்கம் பஸ் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கும் 41 வயதுக்காரர். பல வருடக் கட்டுக்கடங்காத ரத்த அழுத்தத்தில் இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறார். ரத்த வகை பி பாசிட்டிவ். அம்மாவுக்கு 66 வயது, சர்க்கரை நோய் உண்டு. அக்காவுக்கு 44, தம்பிக்கு 36, இருவரும் கல்யாணமானவர்கள். மனைவிக்கு 34 வயது, ஓ பாசிட்டிவ். இரண்டு பிள்ளைகள்.

மருத்துவமனைக்குப் பரிசோதனைக்கு வந்தவர் மனைவி மட்டுமே. அம்மாவைச் சர்க்கரை நோய் விலக்கிவிட்டது, அதில் கேள்வியில்லை. அக்காவை ‘அவ இன்னொரு வீட்டுக்குப் போன பொண்ணு’ என்ற ஒரே சொல்லில் வீட்டார் விலக்கினார்கள். தம்பியை ‘குடும்பஸ்தன், சம்பாதிக்கிறவன்’ என்று விலக்கினார்கள். ரத்த வகை கூடப் பார்க்கவில்லை. எந்த டாக்டரும் இவர்களைத் தகுதியில்லாதவர்கள் என்று சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் உட்கார்ந்து பேசிய பேச்சு, மருத்துவப் பரிசோதனையின் வேலையைச் செய்து முடித்துவிட்டது. பேட்டி எடுக்கும் சமூகப் பணியாளர் கவனிக்க வேண்டிய முதல் அடையாளம் இது. ஒரே ஒருவர்தான் சோதனைக்கு வந்திருக்கிறார் என்றால் மற்றவர்களை யார், எப்போது, எதற்காக விலக்கினார்கள்?

அந்தப் பெண்ணை நோயாளியும் மாமியாரும் இல்லாத அறையில், முடிந்தால் நோயாளியின் டயாலிசிஸ் நாளாக இல்லாத வேறொரு நாளில், அவர் கணவருக்கு வைத்தியம் பார்க்கும் குழுவைச் சேராத ஒருவர் சந்திக்க வேண்டும். ‘உங்களுக்குச் சம்மதமா?’ என்று தொடங்கினால் ‘சம்மதங்க’ என்று ஒரே வார்த்தையில் பேட்டி முடிந்துவிடும். அதனால் நடந்ததைக் கேட்க வேண்டும்.

“முதல்ல யாருங்க இந்தப் பேச்சை எடுத்தது?”

“யாரும் எடுக்கலைங்க. நான்தான் குடுக்கணும்னு எனக்கே தெரியும்.”

“உங்க கொழுந்தனாருக்கு டெஸ்ட் எடுத்தீங்களா?”

“அவரு எப்படிங்க... அவருக்கும் புள்ளைக இருக்குல்ல.”

“உங்களுக்கும் இருக்குல்ல?”

இதற்கு அவள் சிரிக்கிறாள். பதில் சொல்லவில்லை.

“உங்க அம்மா என்ன சொல்றாங்க?”

“அம்மாகிட்ட இன்னும் சொல்லலைங்க. ஆபரேசன் முடிஞ்சப்பறம் சொல்லிக்கலாம்னு அத்தை சொன்னாங்க.”

இந்த மூன்று பதில்களில் எதுவும் தனியாக நின்று கட்டாயத்தை நிரூபிக்காது. ‘எனக்கே தெரியும்’ என்பது காதலாகவும் இருக்கலாம், யாரும் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லாத அளவுக்கு அந்த வீட்டில் வேரோடிப்போன எதிர்பார்ப்பாகவும் இருக்கலாம். அம்மாவிடம் மறைத்தது பயமுறுத்த வேண்டாம் என்ற அக்கறையாகவும் இருக்கலாம். ஆனால் மறைக்கச் சொன்னவர் யார் என்பது முக்கியம். அவள் சார்பில் பேசக்கூடிய ஒரே ஆள் அவளுடைய அம்மா. அந்த ஆளுக்குத் தெரியாமலே எல்லாம் நடக்கிறது.

அடுத்த கேள்வி அனுபவமுள்ளவர்கள் கேட்பது: “நாளைக்கு டாக்டர் உங்க கிட்னி பொருந்தலைன்னு சொல்லிட்டா உங்களுக்கு எப்படி இருக்கும்?” மனம் முழுக்கக் கொடுக்க நினைப்பவர் இதைக் கேட்டுத் துடித்துப்போவார், வேறு வழி என்ன என்று கேட்பார், தம்பியைப் பார்க்கச் சொல்வார். வற்புறுத்தலுக்கு உட்பட்டவர் முகத்தில் ஒரு நொடி தளர்வு வரும், பிறகு அதை மறைக்க அவசரமாக ஏதாவது சொல்வார். இது சோதனைக்கூட முடிவு போலத் துல்லியமானதல்ல. கரூர்ப் பெண் சற்று நேரம் மேசையையே பார்த்துவிட்டு, “அப்ப வேற யாரையாவது பார்ப்பாங்கல்ல?” என்கிறாள். இதை ஆசையாகவும் படிக்கலாம், கவலையாகவும் படிக்கலாம்.

எந்தப் பக்கம் என்று தெரியாத நிலையில் சரியான வேலை தீர்ப்புச் சொல்வதல்ல, அவகாசம் கொடுப்பது. சிறுநீரக விஷயத்தில் அதற்கு இடம் இருக்கிறது. திடீரென்று கல்லீரல் செயலிழந்தவருக்குச் சில நாட்களுக்குள் முடிவெடுத்தாக வேண்டியிருக்கும். சிறுநீரகம் செயலிழந்தவரை டயாலிசிஸ் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் உயிரோடு வைத்திருக்கும். அந்த வாழ்வு கஷ்டமானது, மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தால் ஆயுளும் வாழ்வும் பொதுவாக மேம்படும் என்பது உண்மை. ஆனாலும் இரண்டு வாரம் யோசிப்பதால் யாரும் சாகமாட்டார்கள். அந்த இரண்டு வாரத்தில் நோயாளியின் பெயரை, மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புக்கான மாநிலக் காத்திருப்போர் பட்டியலில் பதிந்துவிட வேண்டும். மனைவியைத் தவிர வேறொரு வழி காகிதத்திலாவது திறந்திருப்பது, மொத்தப் பாரமும் ஒரே தோளில் இறங்குவதைக் கொஞ்சம் குறைக்கும். தம்பிக்கும் அக்காவுக்கும் ரத்த வகை பார்க்கச் சொல்லி மருத்துவமனையே கேட்க வேண்டும். வீட்டுக்குள் கேட்க முடியாத கேள்வியை வெளியாள் சுலபமாகக் கேட்டுவிடலாம்.

இதே அவகாசத்தில் ஆபத்துகளையும் அவளுக்குப் புரியும் மொழியில் சொல்லியாக வேண்டும். ‘ஒரு கிட்னி போதும், ஒண்ணும் ஆகாது’ என்பது பாதி உண்மை. பெரும்பாலானவர்கள் ஒரு சிறுநீரகத்தோடு நலமாகவே வாழ்கிறார்கள், மீதமுள்ளது வளர்ந்து இழந்த வேலையில் ஒரு பகுதியை ஈடுகட்டிவிடும். ஆனால் அறுவைக்குப் பிந்தைய மூன்று மாதங்களில் உயிரிழப்பு அமெரிக்கக் கணக்குப்படி பத்தாயிரத்தில் 3 பேர். கொடுத்தவரே பிற்காலத்தில் சிறுநீரகச் செயலிழப்புக்கு ஆளாகும் வாய்ப்பு, 2014-இல் வெளியான அமெரிக்க ஆய்வின் மதிப்பீட்டில் ஆயுள் முழுவதற்கும் பத்தாயிரத்துக்கு 90. அவர்களைப் போலவே ஆரோக்கியமாக இருந்து, கொடுக்காமல் இருப்பவர்களில் அது 14. எண்ணிக்கை சிறியது, ஆனால் இல்லாமல் இல்லை. 34 வயதுப் பெண்ணுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிறுநீரகம் கொடுத்த பின் கருத்தரித்தவர்களில் கர்ப்பகால ரத்த அழுத்தமோ அதன் தீவிர வடிவமோ 11 சதவீதத்தினருக்கு வந்தது, கொடுக்காதவர்களில் 5 சதவீதத்தினருக்கு என்று கனடாவில் செய்த ஆய்வு 2015-இல் சொன்னது. இன்னொரு குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறதா என்று அவளிடம் தனியாகக் கேட்காமல் இந்த எண்களைச் சொல்வதில் பயனில்லை.

இரண்டாவது சந்திப்புக்கு அவள் அம்மாவோடு வருகிறாள். கொழுந்தனாரின் ரத்த வகை பொருந்தியிருக்கிறது, அவர் இன்னும் முடிவு சொல்லவில்லை. இந்த முறை கேள்விகளை அடுக்குவது அவள்தான். குடம் தூக்க எத்தனை வாரம் ஆகும்? சின்னவனை இடுப்பில் வைக்கலாமா? வருடா வருடம் எனக்கு யார் டெஸ்ட் எடுப்பார்கள், அதற்குப் பணம் யார் கட்டுவது? ஆறு வாரத்துக்குக் கனமானது எதையும் தூக்கக் கூடாது என்றதும், “அதுவரைக்கும் அம்மா எங்கூட இருக்கட்டும், அத்தைகிட்ட நானே சொல்லிக்கிறேன்” என்கிறாள். முதல் பேட்டியில் அவள் கணவனைப் பற்றி மட்டுமே பேசினாள். இப்போது தன் உடம்பைப் பற்றிப் பேசுகிறாள், தனக்கு என்ன வேண்டும் என்று நிபந்தனை வைக்கிறாள். முடிவு தன்னுடையது என்று நினைப்பவர்தான் நிபந்தனை வைப்பார். வேறொருவர் எடுத்த முடிவுக்கு உடம்பை மட்டும் கொண்டுவருபவருக்குக் கேட்க எதுவும் இருக்காது. இதற்குப் பிறகு வரும் ‘சரி’யை நம்பலாம்.

கதை வேறு மாதிரியும் திரும்பலாம். இரண்டாவது சந்திப்பில் அவள் அழுதுகொண்டே, “என்னால முடியாதுங்க, ஆனா நான் சொன்னேன்னு வெளியே தெரியக் கூடாது” என்று சொல்லலாம். இந்த நிலைக்கென்று உலகம் முழுக்க மாற்று மையங்களில் ஒரு வழக்கம் உண்டு. ‘இவர் தானம் செய்ய ஏற்றவர் இல்லை’ என்று மட்டும் குடும்பத்திடம் சொல்வார்கள், காரணம் சொல்லமாட்டார்கள். அது பொய் அல்ல. மனம் ஒப்பாதவர் மருத்துவ ரீதியாகவே ஏற்ற கொடையாளர் அல்லர். ஆனால் இல்லாத நோயைக் கண்டுபிடித்து எழுதிவிடக் கூடாது. ‘உங்களுக்குச் சிறுநீரகத்தில் கட்டி’ என்று இட்டுக்கட்டினால், அது நாளை அவளுடைய காப்பீட்டுக்கும் சிகிச்சைக்கும் வினையாக வந்து நிற்கும். இந்த வழக்கம் வேலை செய்ய ஒரு முன்நிபந்தனை இருக்கிறது. அவளுடைய சோதனை முடிவுகள் முதலில் அவளிடம் மட்டுமே சொல்லப்பட வேண்டும். நம் மருத்துவமனைகளில் பெரும்பாலும் அறிக்கையை வாங்கிப் பிரிப்பது நோயாளியின் தம்பியோ மாமனாரோ. ‘பொருந்துது’ என்று அவர் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்ட பிறகு எந்த மருத்துவராலும் அவளைக் காப்பாற்ற முடியாது.

கொடுப்பவருக்கென்று தனி ஆள் வேண்டும் என்பதை மற்ற நாடுகள் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கின்றன. பிரிட்டனில் மனித திசு ஆணையத்துக்காகச் செயல்படும் தற்சார்பு மதிப்பீட்டாளர் கொடுப்பவரையும் பெறுபவரையும் தனித்தனியாகவும் சேர்த்தும் சந்தித்து அறிக்கை தர வேண்டும். உறவினர் என்பதால் இதில் விலக்குக் கிடையாது. அமெரிக்காவில் 2007 முதல், நோயாளியின் சிகிச்சையில் பங்கில்லாத கொடையாளர் பாதுகாவலர் ஒருவரை ஒவ்வொரு மையமும் நியமித்தாக வேண்டும். இந்தியாவில் நெருங்கிய உறவினருக்கு இப்படியொரு தனி ஆள் சட்டத்தில் இல்லை. உயிருள்ளவரிடமிருந்து பெற்ற சிறுநீரகத்தை வெற்றிகரமாகப் பொருத்துவது 1971-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கியது. அரை நூற்றாண்டு கடந்தும் இந்த இடைவெளி அடைபடவில்லை.

சட்டத்தில் இல்லாத ஒன்றை மட்டும் நம் மருத்துவமனைகள் விடாமல் கேட்கின்றன. திருமணமான பெண் தன் அப்பாவுக்குக் கொடுக்க வந்தால் கணவனின் தடையில்லாக் கடிதம் வேண்டும் என்பார்கள். 2022-இல் இப்படியொரு வழக்கு தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கணவனின் சம்மதத்தைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை, தன் உடல் பற்றிய முடிவு அந்தப் பெண்ணுடையது என்று நீதிமன்றம் தெளிவாக்கியது. அதே பெண் கணவனுக்குக் கொடுக்க வந்தால் அவளுடைய அப்பாவின் கடிதத்தை யாரும் கேட்பதில்லை. உடம்பு யாருடைய பொறுப்பில் இருப்பதாக நம் நிறுவனங்கள் நினைக்கின்றன என்பது இந்த இரண்டு நடைமுறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே தெரிந்துவிடும்.

சட்டம் மாறக் காத்திருக்காமல் குடும்பங்கள் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. யார் கொடுப்பது என்று கூடத்தில் உட்கார்ந்து பேசும் முன், வயதும் உடல்நிலையும் இடம் கொடுக்கும் எல்லோரும், அக்காவும் தம்பியும் உட்பட, தனித்தனியாக மருத்துவமனைக்குப் போய் ஒருங்கிணைப்பாளரிடம் பேசிவிட்டு வரலாம். தங்கள் முடிவை அங்கேயே சொல்லிவிடலாம். யார் என்ன சொன்னார்கள் என்பது வீட்டுக்கு வரத் தேவையில்லை. யாரைத் தொடர்ந்து சோதிக்கலாம் என்று மருத்துவமனை சொன்ன பிறகு பேச்சு தொடங்கினால் போதும். நோயாளியும் தன் பங்குக்கு ஒன்று செய்யலாம். கொடுக்க வருபவரைத் தனியாக அழைத்து, அறுவை அரங்கத்துக்குள் போகும்வரை எப்போது வேண்டுமானாலும் வேண்டாம் என்று சொல்லலாம், அதற்குப் பிறகும் நீ இந்த வீட்டில் இப்போது போலவே இருப்பாய் என்று அவர் வாயாலேயே சொல்லலாம்.